71 குமிழ், 64 பேர்: ஸ்லைடில் வந்த வாடிக்கையாளர் கருத்துகளைப் பிரித்த அனுபவம்

நான் வேலை பார்ப்பது செங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில். கணக்கும் ஆன்லைன் ஆர்டரும் என் பொறுப்பு. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் என்பதாலோ என்னவோ, எங்கள் கடையில் தமிழும் மலையாளமும் ஒரே பில்லில் கலந்துதான் கிடக்கும். புளியரை செக்போஸ்ட் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று அந்தப் பக்கத்து வாடிக்கையாளர்கள் நிறைய. 2018-ல் அகல ரயில்பாதை வந்த பிறகு கொல்லத்திலிருந்து ரயிலேறி வந்து ஓணத்துக்குத் துணி எடுத்துவிட்டு அன்றே திரும்புகிறவர்களும் உண்டு.

போன ஓணத்துக்கு முன்னால் வெளியூர் நிறுவனம் ஒன்றை வைத்து முதலாளி அண்ணாச்சி வாடிக்கையாளர் சர்வே எடுத்தார். வந்து சேர்ந்தது 24 ஸ்லைடு. முதல் ஸ்லைடில் "412 பேர் பங்கேற்றனர்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. மற்றவற்றில் கலர் கலராகப் பேச்சுக் குமிழ்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வாடிக்கையாளர் சொன்னது. பார்க்க அழகுதான். அண்ணாச்சி முழுவதையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "எல்லாரும் விலைதான் கூடன்னு சொல்லுதாங்க போலுக்கே, தம்பி?"

அப்படித் தோன்றியதற்குக் காரணம் இருந்தது. "விலை குறித்த அதிருப்தி" என்று ஒரு ஸ்லைடு தலைப்பு. அதன் கீழே ஒன்பது குமிழ்கள். ஆனால் குமிழ்களைத் தனித்தனியாகப் படித்தால் விஷயம் வேறு. "ரெண்டாயிரம் ரூபா கொடுத்து எடுத்த சேலை, மாத்த வந்தா மூணு பேர்கிட்ட அனுப்புறாங்க" என்று ஒருவர். இதில் ரூபாய் இருக்கிறது, விலைக் குறை இல்லை. ரூபாய், பைசா, காசு என்ற சொல் எங்கே வந்தாலும் அதை விலையில் போட்டிருக்கிறார்கள். அந்த ஒன்பதில் விலை கூடுதல் என்று உண்மையிலேயே சொன்னது மூன்றுதான்.

அதனால் ஸ்லைடு தலைப்புகளை ஒதுக்கிவிட்டுக் குமிழ்களை மட்டும் எடுத்து, முதலிலிருந்து பிரிப்பது என்று முடிவானது.

ஷீட்டில் ஏற்றுவது

ஸ்லைடில் இருப்பதை ஷீட்டுக்குக் கொண்டுவருவதில் ஒரு சிக்கல் உண்டு. பவர்பாயிண்டில் அவுட்லைன் பார்வையைத் திறந்தால் எழுத்தெல்லாம் மொத்தமாகக் கிடைத்துவிடும் என்று பலர் நினைப்பார்கள். அதில் தலைப்புக்கும் உரைக்கும் என்று ஏற்கெனவே உள்ள கட்டங்களில் எழுதியது மட்டும்தான் வரும். தனியாக வரைந்த குமிழுக்குள் எழுதியது வராது. எங்களுக்கு வந்ததில் கருத்துகள் எல்லாமே குமிழுக்குள். சிலது படமாகவே ஒட்டப்பட்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு ஸ்லைடாகத் திறந்து கையால்தான் ஏற்ற வேண்டியிருந்தது. ஸ்லைடுக்குக் கீழே உள்ள குறிப்புப் பகுதியையும் பார்க்க வேண்டும். குமிழில் பாதியோடு நின்ற இரண்டு கருத்துகளின் முழு வடிவம் எங்களுக்கு அங்கேதான் கிடைத்தது.

ஷீட்டில் முதல் பத்தி கருத்தின் எண். 07-3 என்றால் ஏழாவது ஸ்லைடில் மூன்றாவது குமிழ். யாராவது "இதை எவன் சொன்னான்?" என்று கேட்டால் உடனே ஸ்லைடைத் திறந்து காட்டலாம். அடுத்த பத்தியில் கருத்து, எழுத்துப்பிழை உட்பட அப்படியே. பிறகு மொழி, மலையாளமாக இருந்தால் அதன் தமிழாக்கம், சொன்ன விஷயம் ஒரு வரியில், பிரிவு, கடைசியாக குறையா நிறையா. பிரிவு என்ற பத்தியை ஏற்றி முடிக்கும்வரை காலியாகவே விட்டோம்.

மொத்தம் 71 குமிழ்கள். அதில் ஏழு, முன்னாலும் பின்னாலும் இருந்த "முக்கியக் கருத்துகள்" ஸ்லைடுகளில் மறுபடி வந்தவை. ஐந்து அச்சு அசலாக அப்படியே இருந்ததால் வரிசைப்படுத்தியதும் அடுத்தடுத்து வந்து நின்றன. மற்ற இரண்டும் தலையை வெட்டிச் சுருக்கியவை. அவை வரிசையில் சிக்காது. அதற்கு, கருத்தில் உள்ள ஏதாவது அபூர்வமான சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும். "புனலூர்" என்று தேடியதில் ஒன்று, "தொட்டில்" என்று தேடியதில் இன்னொன்று அகப்பட்டது. இதைச் செய்யாமல் எண்ணினால் யாருடைய கருத்து நிறுவனத்துக்குப் பிடித்துப்போய் இரண்டு இடத்தில் போட்டார்களோ, அவருக்கு இரண்டு ஓட்டு. கழித்தது போக 64 பேரின் 64 கருத்துகள் நின்றன.

ஒரு கருத்து, இரண்டு விஷயம்

அந்த 64-ல் 45 பேர் ஆளுக்கு ஒரு விஷயத்தை மட்டும் சொல்லியிருந்தார்கள். மற்ற 19 பேர் இரண்டு விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லியிருந்தார்கள். "பொண்ணுங்க நல்லா எடுத்துக் காட்டுறாங்க, ஆனா வண்டி விட இடமில்லை" என்பது போல. இதை ஒரே பிரிவுக்குள் திணித்தால் ஒரு பாதி காணாமல் போகும். அதனால் அதே எண்ணைப் போட்டு இரண்டு வரியாகப் பிரித்தோம். வரி கூடும், ஆள் கூடாது. இந்த வித்தியாசம் எண்ணும்போது மறுபடி வரும்.

பிரிவுகளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிதாவின் பெயரில் கே.ஜே. முறை என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு குறிப்பையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, ஒன்றுக்கொன்று உறவாகத் தோன்றுவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கூட்டம் சேர்ந்த பிறகுதான் அதற்குப் பெயர் வைப்பார்கள். நாங்களும் "சொன்ன விஷயம்" பத்தியைப் பிரிண்ட் எடுத்து, துண்டு துண்டாக நறுக்கி, துணி விரித்துக் காட்டும் மேசையில் பரப்பினோம். கடை சாத்தியபின் செய்த வேலை என்பதால் மேசை காலியாக இருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

கூட வேலை பார்த்தது ஆரியங்காவிலிருந்து வரும் சேச்சி. புடவைப் பிரிவில் நிற்பவர், இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்தவர். சீட்டை எங்கே வைப்பது என்று தடுமாறும்போதெல்லாம் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "இதைச் சரி பண்ணணும்னா நம்ம கடையில யாரு என்ன செய்யணும், தம்பி?"

பிறகு அந்தக் கேள்வியையே எங்கள் விதியாக்கிவிட்டோம். ஒரு கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "பில்லு போட அரை மணி நேரம், அப்புறம் கட்டு வாங்க இன்னொரு வரிசை. கொல்லம் ரயிலு போயிருச்சு." நிறுவனம் இதை "போக்குவரத்து வசதி" என்ற தலைப்பில் வைத்திருந்தது, ரயில் என்ற சொல் இருப்பதால். ரயிலை நாங்கள் நிறுத்திவைக்க முடியாது. இதைச் சரிசெய்ய வேண்டியது கேஷியரும் துணிக் கட்டு கொடுக்கும் ஆளும். ஆகவே இது காத்திருப்பு. "ஒரு ஷர்ட் மாற்றான் வீண்டும் புனலூரில் நின்னு வரணோ?" என்று மலையாளத்தில் ஒருவர், அதாவது ஒரு சட்டையை மாற்ற மறுபடி புனலூரிலிருந்து வரணுமா என்று. இதைத் தூரம், போக்குவரத்து என்று பார்க்கத் தோன்றும். ஆனால் அவர் கேட்பது துணியை மாற்றித் தரும் விதியைப் பற்றி. மாற்றுவதை எளிதாக்க வேண்டியது மேலாளர்.

எல்லைத் தகராறு

கூட்டம் சேர்ந்ததும் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு வரி எழுதிவைத்தோம்: இதில் என்ன வரும், என்ன வராது. பிறகு அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, இருபது கருத்துகளை சேச்சியும் நானும் ஒருவர் போட்டதை ஒருவர் பார்க்காமல் பிரித்தோம். பதினைந்தில் ஒத்துப்போனது, ஐந்தில் இல்லை. இருவர் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கணிக்க ஜேக்கப் கோஹன் 1960-ல் கொடுத்த கப்பா என்ற அளவு இருக்கிறது. எங்கள் அளவுக்கு அது தேவைப்படவில்லை. ஒத்துப்போகாத ஐந்தும் எங்கே இருக்கிறது என்று பார்த்ததே போதுமாக இருந்தது. ஐந்தும் ஒரே வேலியில் நின்றன: "மாற்றித் தருவது" என்ற பிரிவுக்கும் "விற்பனையாளர் நடந்துகொள்வது" என்ற பிரிவுக்கும் நடுவே.

"மாத்த வந்தப்ப முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் மாற்றுவதில் போட்டேன், சேச்சி நடத்தையில் போட்டார். கொஞ்சம் பேசிய பிறகு விதியைத் திருத்தினோம். மாற்றித் தரவில்லை, தாமதம், அலைச்சல் என்று இருந்தால் அது மாற்றுவதில் சேரும். மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் மரியாதை இல்லை என்றால் அது நடத்தை. இரண்டும் இருந்தால் இரண்டு வரி. இந்தக் கருத்தில் மாற்றித் தந்தார்களா இல்லையா என்ற தகவலே இல்லை, முகம் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே நடத்தை. இல்லாத தகவலை நாமாக ஊகித்துச் சேர்க்கக் கூடாது. விதி மாறியதால் ஏற்கெனவே பிரித்த எல்லாவற்றையும் மறுபடி ஒரு முறை பார்த்தோம். சலிப்பான வேலைதான். அதைச் செய்யாவிட்டால் முதல் பாதி ஒரு விதிப்படியும் மறுபாதி இன்னொரு விதிப்படியும் இருக்கும்.

எண்ணுவது

முடிவில் நின்ற பிரிவுகளும், 64 பேரில் அதைச் சொன்னவர்களும் இப்படி:

| பிரிவு | எத்தனை பேர் | குறை / நிறை |
|---|---|---|
| பில்லுக்கும் கட்டுக்கும் காத்திருப்பு | 19 | 19 / 0 |
| மாற்றித் தருவது | 14 | 14 / 0 |
| விற்பனையாளர் நடந்துகொள்வது | 13 | 4 / 9 |
| அளவும் ரகமும் கிடைப்பது | 12 | 12 / 0 |
| விலை | 11 | 3 / 8 |
| வண்டி நிறுத்துமிடம் | 7 | 7 / 0 |
| பொதுவான பாராட்டு | 5 | 0 / 5 |
| மற்றவை | 2 | 2 / 0 |

கூட்டினால் 83 வரும், 64 வராது. இரண்டு விஷயம் சொன்னவர்கள் இரண்டு இடத்தில் இருக்கிறார்கள். இதை அட்டவணைக்குக் கீழே எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டத்தில் யாராவது ஒருவர் கால்குலேட்டரை எடுப்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

குறை, நிறை இரண்டையும் தனித்தனியாகக் காட்டியதில்தான் அண்ணாச்சியின் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தது. விலை பற்றிப் பேசியவர்கள் 11. அதில் எட்டுப் பேர் விலை நியாயம் என்றவர்கள். மொத்தமாக "விலை: 11" என்று மட்டும் போட்டிருந்தால் 11 பேரும் திட்டியதாகவே படிப்பார்கள்.

முதலிடத்தில் இருந்த காத்திருப்பை அப்படியே விட மனம் வரவில்லை. 19 கருத்துகளையும் மறுபடி படித்ததில் அதற்குள் இரண்டு வரிசைகள் தெரிந்தன. எங்கள் கடையில் பணம் கட்டுவது ஓர் இடம், கட்டிய துணியை வாங்குவது வேறு இடம். பில் வரிசையை மட்டும் குறை சொன்னவர்கள் 5. துணிக் கட்டு கொடுக்கும் இடத்தை மட்டும் சொன்னவர்கள் 11. இரண்டையும் சொன்னவர்கள் 3. அதாவது கட்டு கொடுக்கும் இடத்தில் 14 பேருக்குச் சங்கடம், பில் போடுவதில் 8 பேருக்கு. அண்ணாச்சி இன்னொரு பில்லிங் கம்ப்யூட்டர் வாங்க விலைப்புள்ளி கேட்டுவைத்திருந்தார். பில் வேகமானால் கட்டு வாங்கும் இடத்தில் கூட்டம் இன்னும்தான் கூடும்.

இப்படி உட்பிரிவு போட்டதும், இரண்டையும் சொன்ன மூன்று பேருக்கு இரண்டிரண்டு வரி வந்தது. காத்திருப்பின் வரிகள் 22, ஆட்கள் 19. அதனால் வரியை எண்ணும் COUNTIF இங்கே உதவாது. ஒரே எண் எத்தனை முறை வந்தாலும் ஒன்றாக எண்ண வேண்டும்:

```
=COUNTA(UNIQUE(FILTER(A2:A200, F2:F200="காத்திருப்பு")))
```

இந்தச் சூத்திரத்தில் ஒரு குறும்பு இருக்கிறது. அந்தப் பிரிவில் ஒருவருமே இல்லையென்றால் FILTER பிழையைத் தரும், COUNTA அந்தப் பிழையையும் ஒன்று என்று எண்ணிவிடும். ஆகவே எங்கே "1" என்று வந்தாலும் போய்ப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, பிரிவின் பெயரைக் கையால் தட்டினால் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எண்ணிக்கையில் அந்த வரி விடுபடும். பிரிவைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எந்தக் கருத்தைக் காட்டுவது

ஒவ்வொரு பிரிவுக்கும் ஓரிரு கருத்தைக் காட்ட வேண்டும். கை தானாகப் போவது காரசாரமானதை நோக்கித்தான். காத்திருப்பில் ஒருவர், "இனிமே இந்தக் கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தார். படித்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அதில் எங்கே, எவ்வளவு நேரம், என்ன நடந்தது என்ற ஒன்றும் இல்லை. மற்ற 18 பேரில் யாரும் அந்தச் சூட்டில் பேசவும் இல்லை.

நாங்கள் செய்தது இது. 19 கருத்துகளிலும் திரும்பத் திரும்ப வந்த விவரங்களைக் குறித்தோம்: இரண்டு வரிசை, குழந்தையோடு நிற்பது, கட்டைத் தேடுவது, பஸ்ஸோ ரயிலோ தவறுவது. இவற்றில் அதிகமானதைத் தாங்கியிருக்கும், சாதாரணக் குரலில் பேசும் ஒன்றைத் தேடினோம். கிடைத்தது: "பணம் கட்டியாச்சு. கட்டு எங்கன்னு தேடி எடுக்கவே இருபது நிமிஷம். பிள்ளைய தூக்கிக்கிட்டு நின்னேன்." பில் வரிசைக்கு, ரயிலை விட்டவருடைய கருத்து. உட்பிரிவுக்கு ஒரு கருத்து, அதில் ஒன்றில் இரண்டு வரிசையும் வருகிறது.

காட்டும்போது வாசகத்தைத் திருத்தக் கூடாது. நீளமாக இருந்தால் நடுவில் வெட்டி மூன்று புள்ளி வைக்கலாம். இரண்டு பேர் சொன்னதை ஒட்டி ஒன்றாக்குவது கூடவே கூடாது. மலையாளத்தில் வந்ததை மூலத்தோடு போட்டு, கீழே தமிழில் போட்டோம். விற்பனையாளர் பெயரைச் சொன்ன இரண்டு கருத்துகளில் பெயரை எடுத்துவிட்டு "ஒரு விற்பனையாளர்" என்று அடைப்புக்குறிக்குள் வைத்தோம். அண்ணாச்சி "யாருப்பா அது?" என்று கேட்கத்தான் செய்தார். சொல்லவில்லை.

நடத்தை போல இரண்டு பக்கமும் பேசப்பட்ட பிரிவில் ஒரு குறையையும் ஒரு நிறையையும் போட்டோம். ஒன்பது பேர் பாராட்டிய இடத்தில் நாலு பேர் குறையை மட்டும் காட்டினால் கடைப் பெண்கள் வருத்தப்படுவதில் நியாயம் உண்டு.

64 என்பது 412 அல்ல

அட்டவணையைப் பார்த்ததும் அண்ணாச்சி கேட்டது, "அப்ப நூத்துக்கு முப்பது பேர் காத்துக் கிடக்காங்கன்னு அர்த்தமா?" 64-ல் 19 என்றால் கணக்குப்படி முப்பதுதான் வரும். ஆனால் அந்த 64-ஐத் தேர்ந்தெடுத்தது நிறுவனம். 412 பேரில் யார் சொன்னது ஸ்லைடில் பார்க்க நன்றாக இருக்கும், யார் சொன்னது சுவையாக இருக்கும் என்று அவர்கள் பொறுக்கியது. "ஸ்லைடில் உள்ள 64 கருத்துகளில் 19" என்று சொல்லலாம். "வாடிக்கையாளர்களில் முப்பது சதவீதம்" என்று சொல்ல முடியாது. அதனால் எங்கள் ஸ்லைடில் சதவீதமே போடவில்லை.

சதவீதம் வேண்டுமென்றால் மூலத் தாள்கள் வேண்டும். கேட்டதும் நிறுவனம் ஷீட்டை அனுப்பிவிட்டது. 412 பேரில் கருத்து எழுதியவர்கள் 231 பேர், மற்றவர்கள் கட்டங்களில் டிக் மட்டும் போட்டவர்கள். அதே விதித்தாளை வைத்து 231-ஐயும் பிரித்தோம். விதி தயாராக இருந்ததால் சீக்கிரம் முடிந்தது. ஸ்லைடில் வெறும் 5 ஆக இருந்த பொதுவான பாராட்டு, இங்கே 96. "நல்லா இருக்கு", "கொள்ளாம்", "ஓகே" என்று எழுதியதை யார் ஸ்லைடில் போடுவார்கள்? காத்திருப்பு 231-ல் 41. அதாவது எழுதியவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. குறைகளில் அதுவே இங்கும் முதலிடம். ஆனால் இரண்டாம் இடம் மாறிவிட்டது. அளவும் ரகமும் கிடைக்காதது, மாற்றித் தருவதைத் தாண்டி மேலே வந்தது. "எக்ஸெல் சைஸ் இல்ல", "கசவு முண்டு தீர்ந்துபோச்சு" என்று இரண்டு சொல்லில் எழுதியவை ஸ்லைடுக்கு ஏறவில்லை. மாற்ற வந்து அலைந்தவர்கள் கதையாக எழுதியதால் ஏறிவிட்டார்கள்.

எழுதாத 181 பேர் என்ன நினைத்தார்கள் என்பது இந்த எண்ணிக்கையில் எங்குமே இல்லை. அதை அவர்கள் போட்ட டிக்கில் பார்க்க வேண்டும், அது வேறு வேலை.

பில்லிங் கம்ப்யூட்டர் ஆர்டரை அண்ணாச்சி நிறுத்திவைத்தார். கட்டு கொடுக்கும் இடத்தில் பில் எண்ணின் கடைசி இலக்கப்படி பத்து அடுக்குப் பலகை அடிக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த சர்வேக்கு நிறுவனத்திடம் நாங்கள் முதலிலேயே கேட்டுவைத்திருப்பது இரண்டு: ஸ்லைடோடு மூல ஷீட்டும் தர வேண்டும், ஒவ்வொரு குமிழுக்குக் கீழும் ஷீட்டில் உள்ள வரி எண்ணைப் போட வேண்டும். சதவீதம் போட்ட ஒரு ஸ்லைடாவது வேண்டும் என்று அண்ணாச்சி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். 231-ஐ வைத்துப் போட்டுக் கொடுத்தேன், "கருத்து எழுதியவர்களில்" என்பதைத் தலைப்பிலேயே சேர்த்து.